ஊட்டியில் இரண்டு இரவு: தெர்மல் யாருக்கு, எப்போது?

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து பொங்கல் விடுமுறைக்கு ஊட்டி போகிறோம், இரண்டு இரவு தங்கல். நான், மனைவி, எட்டு வயதுப் பையன், அறுபத்தைந்து வயது அம்மா. எல்லோருக்கும் தெர்மல் உள்ளாடை வாங்க வேண்டுமா? பகலில் வெயில் அடித்தால் அதை எங்கே போய்க் கழற்றுவது?

பதில்:

வாங்குங்கள். ஆனால் பகலில் போட்டுக்கொண்டு சுற்றுவதற்காக வாங்காதீர்கள். கும்பகோணத்தில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்ததும் மலைக்குக் கிளம்புகிறவர்கள் வந்து தெர்மல் கேட்பார்கள். கேட்கும் எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

ஜனவரியில் ஊட்டியின் விடியற்காலை ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் தலைக்குந்தா போன்ற பள்ளமான இடங்களில் புல்லின் மேல் உறைபனி படியும். அதே நாளின் மதியம் இருபது டிகிரியை எட்டிவிடும். தை மாதத்தில் நம் ஊரில் விடியலில் அடிக்கும் குளிரும் ஏறக்குறைய அதே இருபதுதான். 2,200 மீட்டர் உயரத்தில் வெயில் நேராக முதுகில் விழும்போது அது இன்னும் சூடாகத் தெரியும். நிழலுக்குள் வந்ததும் குளிரும். ஒரே நாளில் இத்தனை மாறும் ஊருக்குச் சுலபமாகப் போட்டுக் கழற்றக்கூடிய உடைதான் வேண்டும். தெர்மலோ உடம்பை ஒட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. ஸ்வெட்டரை நடுத்தெருவில் கழற்றலாம், தெர்மல் பேண்ட்டைக் கழற்ற முடியுமா? அதனால்தான் அதை அறைக்கும் விடியற்காலைக்கும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் நால்வரின் ஒரு நாளைப் பார்ப்போம். இரவு அறைக்குத் திரும்பியதும் எல்லோரும் தெர்மல் மேல், கீழ் இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண விடுதிகளில் ஹீட்டர் எதிர்பார்க்க முடியாது. கம்பளியும் முதல் அரை மணி நேரம் ஜில்லென்றுதான் இருக்கும். தெர்மல் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே உடம்பு சில்லிட்ட பிறகு போடுவதைவிட, சூடாகச் சாப்பிட்டுவிட்டு வந்த கையோடு போடுவது நல்லது. விடியலில் உறைபனி பார்க்கப் போவதானால் அதன் மேலேயே சட்டை, முன்பக்கம் ஜிப் வைத்த ஸ்வெட்டர், காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் என்று போட்டுக்கொண்டு கிளம்புங்கள். எட்டரை, ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பி, காலைச் சாப்பாட்டுக்கு முன் தெர்மலைக் கழற்றி வைத்துவிடுங்கள். பகலில் முழுக்கைச் சட்டையும் ஜிப் ஸ்வெட்டரும் போதும். ஜாக்கெட் பையில் கிடக்கட்டும். மாலை நான்கரை மணிக்குமேல் வெயில் மலைக்குப் பின்னால் இறங்க இறங்க ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

மேகம் மூடி, தூறலும் மூடுபனியுமாக இருக்கும் நாளில் மட்டும் தெர்மல் மேல்சட்டையைப் பகலிலும் போட்டுக்கொள்ளலாம். அன்று வெயிலே இருக்காது. ஈரக் காற்றுதான் வாட்டும்.

எந்தத் துணி என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முழுப் பருத்தித் தெர்மல் கையில் தடவிப் பார்க்க மெத்தென்று இருக்கும், வியர்க்காமல் தூங்குவதற்குச் சரி. ஆனால் பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாமல் வைத்திருக்கும். தாவரவியல் பூங்காவில் மேட்டை ஏறி இறங்கிவிட்டு நிழலில் உட்கார்ந்தால், முதுகில் ஈரத்துணி ஒட்டியது போல இருக்கும். பாலியஸ்டர் கலந்தது ஈரத்தை அவ்வளவாகக் குடிக்காது, சீக்கிரம் உலரும். விடியலில் அதையே போட்டுக்கொண்டு நடக்கவும் போகிறீர்கள் என்பதால் நான் கலப்புத் துணியைத்தான் எடுத்துக் கொடுப்பேன். இமயமலைக்கு வாங்குவது போன்ற தடித்த ரகம் நம் மலைகளுக்கு வேண்டாம், மெல்லியதே போதும். அடியில் பருத்திப் பனியனைப் போட்டு அதன் மேல் தெர்மல் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிச் செய்தால் வியர்வை முழுவதும் பனியனில் தங்கிவிடும், கலப்புத் துணி வாங்கியதன் பலனே போய்விடும். தெர்மல் நேராகத் தோலின் மேல்தான் இருக்க வேண்டும்.

அளவைக் கடையிலேயே சரிபார்த்துவிடுங்கள். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினால் மேல்சட்டையின் ஓரம் இடுப்பைவிட்டு ஏறக் கூடாது. பேண்ட்டைப் போட்டுக் குந்தி உட்கார்ந்தால் முழங்கால் இறுக்கக் கூடாது. பையனுக்கு ‘வளர்கிற பிள்ளை’ என்று ஓர் அளவு கூட்டி எடுக்காதீர்கள். தொளதொளவென்று இருந்தால் காற்று உள்ளே புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும், தெர்மல் போட்டும் போடாத கதைதான். ஓடி விளையாடும் பிள்ளைக்கு வியர்ப்பது வெளியே தெரியாது. அவ்வப்போது அவன் பிடரியில் கைவைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் உடனே ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். கையும் மூக்கும் சில்லென்று இருப்பதை வைத்து அவனுக்குக் குளிர்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம்.

அம்மா விஷயத்துக்குத்தான் கொஞ்சம் யோசனை வேண்டும். புடவை கட்டுகிறவர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அளவாகத் தைத்த ரவிக்கைக்குள் தெர்மல் போனால் அக்குளில் இறுக்கும், கையைத் தூக்க முடியாது. ரவிக்கையின் பக்கவாட்டில் பிறகு பிரித்துக்கொள்ளத் தையல்காரர் விட்டிருக்கும் தையல் ஒன்றைப் பிரித்துவிட்டால் போதுமான இடம் கிடைக்கும். ஊரிலேயே போட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள். இரவில் அவர் தெர்மலின் மேல் நைட்டி போட்டுக்கொள்வது இன்னும் வசதி. தெர்மல் பேண்ட்டைப் பாவாடைக்கு அடியில் போடலாம், வெளியே தெரியாது. ஆனால் முழங்கால் வலி இருந்தால் குளிர்ந்த குளியலறையில் ஒற்றைக்காலில் நின்று இறுக்கமான பேண்ட்டை உருவுவது பெரும் பாடு, வழுக்கி விழவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் பேண்ட் வேண்டாம். முழங்கால் வரை ஏறும் கம்பளிக் காலுறையும் ஒரு சால்வையும் கொடுங்கள். பெரியவர்கள் நம்மைப் போல் நடந்து சூடேற்றிக்கொள்வதில்லை, உட்கார்ந்தே இருப்பார்கள். அதனால் பகலிலும் அவருக்கு மட்டும் ஒரு துணி கூடுதலாக இருக்கட்டும்.

உங்கள் மனைவி சுடிதார் போடுவார் என்றால் சிக்கலே இல்லை.

ஆளுக்கு இரண்டு மேல்சட்டை, ஒரு பேண்ட் எடுத்தால் இரண்டு இரவுக்குச் சரியாக இருக்கும். அங்கே துவைத்துக் காயப்போடலாம் என்று நினைக்காதீர்கள், அந்தக் குளிரில் மறுநாள் வரையிலும் காயாது. விடியலில் நடந்து வியர்த்த மேல்சட்டையோடு அன்றிரவு படுக்கக் கூடாது. இரண்டாவது சட்டை அதற்குத்தான். கழற்றியதைப் போட மஞ்சள் பை ஒன்றைக் காலியாக எடுத்துச் செல்லுங்கள். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நான்கு பேர் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் புழுங்கும். ஸ்வெட்டரை ஏறும் முன்பே கழற்றி அந்தப் பையில் போட்டுவிடலாம்.

திரும்பும் நாளில் அறையைக் காலி செய்யும் முன்பே தெர்மலைக் கழற்றிவிடுங்கள். மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதற்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே வந்திருப்பீர்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி என்று கணக்குப் போட்டால் பன்னிரண்டு டிகிரி கூடியிருக்கும். மலைப்பாதையில் நடுவே வண்டியை நிறுத்தி நால்வரும் உடை மாற்ற இடம் கிடைக்காது.