ஆலோசகர் பில்லில் 0.1, 0.4 என்றால் என்ன?

"கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். பெங்களூரு ஆலோசகரின் பில்லில் நேரம் 0.1, 0.4 என்று இருக்கிறது, செலவும் சேர்த்திருக்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?"

0.1 என்பது ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம், ஒரு யூனிட். 0.4 என்றால் 24 நிமிடம். பலர் 40 நிமிடம் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். மணிக்கு ₹3,000 என்றால் யூனிட்டுக்கு ₹300.

முதலில் உங்கள் போனின் அழைப்புப் பட்டியலை எடுத்துப் பில்லின் பக்கத்தில் வையுங்கள். பணம் கசிவது பெரும்பாலும் சின்ன அழைப்புகளில்தான். ஒரே நாளில் 2 நிமிட அழைப்பு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மேல்நோக்கி முழு யூனிட்டாக்கினால் 5 யூனிட், ₹1,500. மொத்தம் 10 நிமிடம் என்று கூட்டினால் 2 யூனிட், ₹600 தான். எது சரி என்பதை ஒப்பந்தக் கடிதம்தான் சொல்லும். அதில் தெளிவில்லை என்றால் நாள்வாரியாகக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம் செலவு. காரில் வந்திருந்தால் ஃபாஸ்டேக் பதிவைக் கேளுங்கள். சுங்கச்சாவடியைக் கடந்த நேரம் அதில் இருக்கும், பில்லில் போட்ட பயண நேரத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வரும் வழியில் ஓசூரில் வேறு வாடிக்கையாளரைப் பார்த்திருந்தால், அதே பயணம் இருவர் பில்லிலும் முழுசாக ஏறியிருக்கலாம். அதையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.