பஃபரை ஒவ்வொரு வேலையிலும் வைப்பதா, கடைசியில் வைப்பதா?

"அடுத்தடுத்து நான்கு வேலைகள். ஒவ்வொன்றும் 5 நாளில் முடியலாம், பாதுகாப்புக்காக 5 நாள் பஃபர் சேர்த்து 10 நாள் போடுகிறோம். மொத்தம் 40 நாள். அப்படியும் தாமதமாகிறது. ஏன்?"

ஒரு வேலை 6 நாளில் முடிந்தாலும் யாரும் சொல்வதில்லை. அடுத்த முறை 6 நாள்தான் கிடைக்கும் என்ற பயம். சொன்னாலும், அடுத்தவர் 11-ஆம் நாள்தான் தொடங்கத் திட்டமிட்டிருப்பார். மிச்சமான நாள்கள் வீணாகின்றன, தாமதம் மட்டும் அடுத்த வேலைக்குப் போகிறது.

நான்கையும் 5 நாளாக்குங்கள். வெட்டிய 20 நாளில் பாதியை, அதாவது 10 நாளை, கடைசியில் பொது பஃபராக வையுங்கள். மொத்தம் 30 நாள். நான்கும் ஒரே நேரத்தில் மோசமாகப் போவது அரிது என்பதால் பாதி போதும். ஆனால் ஒரே காரணம் எல்லாவற்றையும் இழுக்குமென்றால், உதாரணமாக அடிக்கடி தேவையை மாற்றும் வாடிக்கையாளர், இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

முதல் வேலை 5 நாளில் முடிந்தது, இரண்டாவது வேலை 9 நாள் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். பாதி வேலை முடிந்திருக்கிறது, பஃபரில் 4 நாள், அதாவது 40% போயிருக்கிறது. கவலை வேண்டாம். அதே இடத்தில் பஃபரில் 7 நாள் போயிருந்தால் உடனே தலையிடுங்கள்.

அப்புறம், 5 நாள் என்பது பாதிக்குப் பாதி தவறக்கூடிய மதிப்பீடு. தாண்டியவரைக் கேள்வி கேட்டால் அடுத்த திட்டத்தில் எல்லோரும் மறுபடி 10 என்றே சொல்வார்கள். "இன்னும் எத்தனை நாள் வேண்டும்?" என்று மட்டும் தினமும் கேளுங்கள்.