மன்னித்த பிறகும் சொல்லிக் காட்டுவது ஏன்?

“என் கணவர் எனக்குத் தெரியாமல் எங்கள் சேமிப்பிலிருந்து நண்பருக்குக் கடன் கொடுத்தார். பிறகு அவரே சொல்லி, மனதார மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்துவிட்டது. நானும் மன்னித்துவிட்டேன் என்றேன். ஆனாலும் எந்தச் சண்டையிலும் அதைச் சொல்லிக் காட்டிவிடுகிறேன். எப்படி நிறுத்துவது?”

நீங்கள் பொய்யாக மன்னிக்கவில்லை. மன்னிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எவரெட் வொர்திங்டன், முடிவாக எடுக்கும் மன்னிப்பையும் உணர்வில் நிகழும் மன்னிப்பையும் பிரித்துக் காட்டுகிறார். முன்னதை ஒரே நாளில் எடுத்துவிடலாம். பின்னது தன் போக்கில் மெதுவாகத்தான் வரும். ஆறாமல் எஞ்சிய அந்த வருத்தத்துக்கு நீங்கள் தனியாக இடம் கொடுக்காததால், அது அடுத்து வரும் சண்டைக்குள் புகுந்துகொள்கிறது.

அவர் வீட்டுக்குத் தாமதமாக வந்த ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். “பணத்தையே மறைத்தவர்தானே” என்று நீங்கள் சொன்னதும் அவர் தலைகுனிந்து பேசாமல் போய்விடுவார். வாக்குவாதத்தில் நீங்கள் வென்றிருப்பீர்கள், தாமதத்தைப் பற்றிய பேச்சோ அப்படியே நின்றுபோயிருக்கும். வாய் திறக்கும் முன், இதற்கு எனக்குப் பதில் வேண்டுமா அல்லது அவர் கூனிக்குறுக வேண்டுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டாவதுதான் என்றால் அது சொல்லிக் காட்டுதல். சண்டை இல்லாத நேரத்தில், “இன்று அந்த நினைவு வந்து மனம் கலங்கிவிட்டது, கொஞ்ச நேரம் கேளுங்கள்” என்று சொல்வது அப்படியல்ல. அதில் குற்றச்சாட்டு இல்லை, உங்கள் நிலை மட்டுமே இருக்கிறது.

மன்னித்ததாலேயே நம்பிக்கை திரும்பிவிடாது; அதற்குக் கண்ணால் காணும் சான்று தேவை. மூன்று மாதங்களுக்கு, மாதக் கடைசியில் ஒரு நாள், அரைமணி நேரம் இருவரும் உட்கார்ந்து வங்கிக் கணக்கைப் பார்ப்பதாகப் பேசி வையுங்கள். நீங்கள் கேட்டு அவர் காட்டுவதைவிட அவராகவே எடுத்து வைப்பது நல்லது, ஏனெனில் தானாக வரும் வெளிப்படைத்தன்மைதான் நம்பிக்கையை வளர்க்கும். பதிலுக்கு, இடைப்பட்ட நாள்களில் அவருடைய கைபேசியை நீங்கள் துழாவக் கூடாது. மூன்றாம் மாதம் சரியாக முடிந்தால் இந்தச் சோதனையும் முடிய வேண்டும். முடிவுத் தேதி இல்லாத கண்காணிப்பைத் தண்டனை என்றுதான் நான் சொல்வேன்.

இடையில் வாய் தவறினால், அன்றே “அதை இழுத்திருக்கக் கூடாது” என்று ஒப்புக்கொண்டு, பாதியில் விட்ட பேச்சுக்குத் திரும்புங்கள். அவர் சின்னச் சின்னச் செலவுகளைக்கூடச் சொல்லத் தயங்கத் தொடங்கினால், சொல்லிக் காட்டுதல் எல்லை மீறிவிட்டது என்று அறியலாம். உண்மையைச் சொன்னதற்காகவே அடிபடுகிறோம் என்று தோன்றினால் யாரும் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

அவர் மறுபடியும் பணத்தை மறைத்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அப்போது பழையதை எடுத்துப் பேசுவது குத்திக்காட்டுவதாகாது. இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துவைத்துப் பேசியே ஆக வேண்டும், தேவைப்பட்டால் ஒரு குடும்பநல ஆலோசகரின் முன்னிலையில்.