மைக் கை மாறும்போது கதை அறுந்துபோகாமல் இருக்க

ஹட்டன் மாணவி: டீச்சர், நாங்கள் நாலு பேர் தேயிலை வரலாறு பேசுகிறோம். நாலு தனிப் பேச்சு மாதிரி இருக்கிறது என்கிறார்கள்.

நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். முதல் ஆள் "அடுத்துப் பேச என் தோழியை அழைக்கிறேன்" என்று முடிக்கிறார். தோழி வந்து "அனைவருக்கும் வணக்கம்" என்கிறார். நூல் அறுகிற இடம் அதுதான். இரண்டையும் வெட்டிவிடுங்கள்.

முதலாமவர் இப்படி முடிக்கட்டும்: "1869இல் கோப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. தோட்டம் தோட்டமாகக் கோப்பி அழிந்தது. மலையை வைத்துக்கொண்டு துரைமார் இனி என்ன செய்வார்கள்?" தோழி பதிலோடு வரட்டும்: "பதில் லூல்கந்துர தோட்டத்தில் ஏற்கெனவே முளைத்திருந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே அங்கே தேயிலை பயிரிட்டிருந்தார்."

தோழியும் ஒரு கேள்வியை விட்டுப் போக வேண்டும். கொழுந்து பறிக்க ஆண்டு முழுக்க ஆள் வேண்டும், குடும்பங்கள் இங்கேயே தங்கின, சுதந்திரம் வந்தபோது அவர்கள் எந்த நாட்டார்? மூன்றாமவருக்கு 1948 குடியுரிமைச் சட்டம் கையில் கிடைத்துவிடும். மலையகத் தமிழரான நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிய சட்டம்தான் அவருடைய முதல் வரி.

இந்த இணைப்பு வரிகளை முதலில் எழுதிவிட்டு, பேச்சை அப்புறம் நிரப்புங்கள். சொல் பிசகாமல் மனப்பாடம் செய்ய வேண்டியதும் இவற்றை மட்டும்தான். ஒத்திகையில் முன்னவரின் கடைசி அரை நிமிடம், பின்னவரின் முதல் அரை நிமிடம். அதையே பத்துத் தடவை ஓட்டிப் பாருங்கள்.

பதுளை இளைஞர்: எல்லா ஸ்லைடும் ஒரே நிறமாக இருந்தால் ஒரே கதையாகிவிடும்தானே?

பாதி சரி. கண்ணுக்கு ஒன்றாகும், காதுக்கு ஆகாது. ஆளும் ஸ்லைடும் ஒரே நொடியில் மாறினால் சபைக்கு அது புதுப் பேச்சு. துரு பிடித்த இலைப் படம் திரையில் அப்படியே இருக்கட்டும். வந்தவர் அதன் மேலேயே முதல் வாக்கியத்தைச் சொல்லி, பிறகு மாற்றட்டும்.

தலவாக்கலை வாசகர்: எங்கள் தோட்டத்துக் கூட்டத்தில் ஒரே மைக். கை மாறும்போதெல்லாம் "டொக் டொக்" என்று தட்டிப் பார்க்கிறார்கள்.

சுவிட்சை அணைக்காமல் கொடுத்தால் தட்ட வேண்டியதே இல்லை. கொடுப்பவர் மைக்கின் கழுத்தருகே பிடித்தால், வாங்குபவருக்கு அடிப்பகுதி காலியாகக் கிடைக்கும். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வரக் கூடாது. முன்னவர் கடைசிப் பத்தியைத் தொடங்கும்போதே கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

பண்டாரவளை ஆசிரியர்: பெயர் சொல்லி அழைக்காவிட்டால் மரியாதைக் குறைவு இல்லையா?

முதலாமவர் தொடக்கத்திலேயே நால்வரையும் அறிமுகப்படுத்திவிடலாம். ஆனால் ஆளுக்கு ஆள் புள்ளி போடும் நடுவர்கள் இதை விரும்புவதில்லை. பெயர் சொல்லாததற்கு என் மாணவர்கள் ஒருமுறை புள்ளி இழந்தார்கள். இன்னும் எனக்கு முடிவு தெரியவில்லை, ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஹட்டன் மாணவி: மூன்றாமவள் நேரத்தை இழுத்துவிட்டால், டீச்சர்?

நாலாமவர் ஓரடி முன்னே வரட்டும். அது அவளுக்கு அடையாளம். நடுவில் எதையும் விட்டுவிட்டு இணைப்பு வரிக்குத் தாவ வேண்டும்.