கிரியேட்டினின் 1.1 நார்மல்தான், அப்புறம் கிட்னி எப்படி அடி வாங்குச்சு?

"டாக்டர் வணக்கம், கோத்தகிரி பக்கத்துல இருந்து எழுதறேன். அம்மாவுக்கு 58 வயசு, தோட்டத்துல கொழுந்து பறிக்க போறாங்க. பிபி வந்து 12 வருஷமாச்சு, டெல்மிசார்டன் 40 டெய்லி காலைல போடறாங்க. ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 1.1, பக்கத்துல நார்மல்னுதான் போட்டிருக்கு, ஆனா டாக்டர் கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்குங்கறார். அது எப்படி? வீட்ல மிஷின் வாங்கி பாத்தா காலைல 158/94, சாயங்காலம் 132/80, ஆஸ்பத்திரில 130/80. எதை நம்பறது? கிட்னிய காப்பாத்த வீட்ல வேற என்ன பாக்கணும்?"

உங்க டாக்டர் சொன்னது சரிதாங்க. கிரியேட்டினின்ங்கறது கிட்னி வெளிய தள்ள வேண்டிய ஒரு கழிவு, அந்த நம்பர மட்டும் வச்சு பாத்தா ஏமாந்துடுவோம், ஏன்னா லேப்ல போடற அந்த நார்மல் ரேஞ்ச் வயச பாக்காது. வயசையும் ஆணா பெண்ணாங்கறதையும் சேத்து கணக்கு போட்டாதான் இஜிஎஃப்ஆர் வரும், கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு அதுதான் சொல்லும். 58 வயசு பொம்பளைக்கு 1.1-னா இஜிஎஃப்ஆர் சுமார் 58 வருது, இருக்க வேண்டியது 90 பக்கம், வயசுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் குறையலாம், ஆனா 60-க்கு கீழ 3 மாசம் தாண்டியும் நின்னா அதை கிட்னி நோய்னுதான் கணக்குல எடுப்போம். அதனால ஒரே ரிப்போர்ட்ட வச்சு முடிவு கட்டாதீங்க, 3 மாசம் கழிச்சு ரிப்பீட் பண்ணுங்க.

உள்ள நடக்கறது இதுதான். ஒவ்வொரு கிட்னிலயும் சுமார் 10 லட்சம் குட்டி ஃபில்டர் இருக்கு, ஒவ்வொண்ணும் முடிய விட மெல்லிசான ரத்தக்குழாய் சுருண்ட ஒரு பந்து. அந்த பந்துக்கு ரத்தம் கொண்டுவர்ற சின்ன குழாய்க்கு ஒரு வேலை உண்டு, பிபி ஏறினா அது தானா இறுகி உள்ள இருக்கற ஃபில்டர் மேல அந்த வேகம் விழாம பாத்துக்கும். வருஷக்கணக்கா பிபி ஏறியே இருந்தா அந்த குழாயோட சுவர் தடிச்சு போகுது, ரத்தத்துல இருக்கற புரதம் சுவருக்குள்ள கசிஞ்சு அங்கயே உறைஞ்சுடுது, ரத்தம் போற வழி குறுகிடுது. அப்படி ஆனா சில ஃபில்டருக்கு ரத்தம் பத்தாம அது சுருங்கி தழும்பாயிடும். வேற சில இடத்துல குழாய் இறுகற சக்தியவே இழந்துடும், அப்ப பிரஷர் நேரா ஃபில்டர் மேலயே போய் விழும், அது இழுபட்டு, அல்புமின்ங்கற புரதத்த யூரின்ல விட ஆரம்பிச்சு, கடைசில அதுவும் தழும்புதான்.

இதுல கவனிக்க வேண்டியது, மிச்சம் இருக்கற ஃபில்டர்கள் செத்ததோட வேலையையும் சேத்து செய்யும். அதனாலதான் வலி இல்ல, வீக்கம் இல்ல, கிரியேட்டினின் ரொம்ப நாள் ஒழுங்கா காட்டும். ஆனா அந்த கூடுதல் உழைப்புனால அதுகளும் சீக்கிரம் தேயும். தழும்பான ஃபில்டர் திரும்ப வராதுங்க, நம்ம கைல இருக்கறது மிச்சம் இருக்கறது மேல விழற பிரஷர குறைக்கறதுதான்.

அதனால வீட்ல முதல்ல பாக்க வேண்டியது பிபிதான், அதுலயும் காலை பிபி. உங்க மூணு நம்பர்ல எனக்கு கவலை தர்றது 158/94. ஆஸ்பத்திரிக்கு மாத்திரை போட்டு, பஸ் புடிச்சு, மத்தியானம் போய் சேந்திருப்பீங்க, அப்ப 130 காட்டறதுல ஆச்சரியம் இல்ல. ராத்திரி தூங்கும்போது பிபி 10-லருந்து 20 சதவீதம் இறங்கணும், கிட்னி அடி வாங்கினவங்களுக்கு நிறைய பேருக்கு இறங்கறதே இல்ல, அந்த ராத்திரி பிரஷர் கிட்னிய ரொம்ப கெடுக்கும். சாதாரண மிஷின்ல அதை பாக்க முடியாது, மாத்திரைக்கு முன்னாடி எடுக்கற காலை அளவு ஓரளவுக்கு காட்டிக்கொடுக்கும்.

ஆனா நம்ம மலைல காலை அளவுக்கு ஒரு சிக்கல் இருக்கு, குளிர். குளிர்ல ரத்தக்குழாய் இறுகி பிபி நிஜமாவே ஏறும். போதாததுக்கு ஸ்வெட்டர் மேலயே பட்டைய சுத்தறாங்க, இல்லன்னா ஸ்வெட்டர் கைய மேல தள்ளி அது கைய புடிக்கற மாதிரி விட்டுடறாங்க, ரெண்டும் தப்பு. ஸ்வெட்டர்லருந்து அந்த ஒரு கைய வெளிய எடுத்துட்டு தோள்ல சால்வை போத்திக்க சொல்லுங்க. எழுந்து, யூரின் போயிட்டு வந்து, ரூம் கொஞ்சம் கதகதப்பானதும், டீ குடிக்கறதுக்கும் மாத்திரைக்கும் முன்னாடி, முதுகு சாஞ்சு, கால் தரைல பட உக்காந்து 5 நிமிஷம் பேசாம இருக்கணும், கைய நெஞ்சு உயரத்துக்கு டேபிள் மேல வைக்கணும், தொங்க விட்டா அளவு கூட காட்டும். ஒரு நிமிஷ இடைவெளில ரெண்டு தடவை எடுங்க, அதே மாதிரி சாயங்காலம் ரெண்டு. கையோட சுத்தளவ டேப் வச்சு அளந்து மிஷின் பட்டைல போட்டிருக்கற செ.மீ.க்குள்ள வருதான்னு பாருங்க, சின்ன பட்டை பெரிய கைல போட்டா பொய்யா கூட காட்டும். மணிக்கட்டுல கட்டற மிஷின் வேண்டாம்.

இதை 7 நாள் செய்யுங்க, முதல் நாள விட்டுடுங்க, மிச்ச 6 நாள்ல வர்ற 24 அளவையும் கூட்டி 24-ஆல வகுத்து சராசரி எடுங்க. இப்ப ரெண்டு விதமா வரலாம். கதகதப்புல சரியா எடுத்தும் காலை சராசரி 150/90, சாயங்காலம் 130/80-னு நின்னா மொத்தம் 140/85, வீட்டு அளவுக்கு 135/85 எல்லைன்னா இது அதுக்கு மேல, மாத்திரையோட வேலை அடுத்த நாள் காலை வரைக்கும் எட்டலைன்னு அர்த்தம், டாக்டர் டோஸ் கூட்டலாம், இல்ல இன்னொரு மாத்திரை சேக்கலாம். காலை 138/84-க்கு இறங்கி மொத்தம் 134/82 வந்தா, 158-ல கூடுதலா காட்டின அந்த 20 குளிரும் ஸ்வெட்டரும் பண்ண வேலை. அப்பவும் கிட்னி விஷயத்துல நாங்க பொதுவா 130/80-க்கு கீழதான் கேப்போம், அதனால அந்த நோட்ட எடுத்துட்டு போய் காட்டுங்க, நீங்களா மாத்திரைய கூட்டவோ நேரத்த மாத்தவோ வேண்டாம்.

ரெண்டாவது யூரின். நுரை வருதான்னு பாக்கறத நான் நம்ப மாட்டேன், வேகமா போனாலே நுரைக்கும். மெடிக்கல்ல விக்கற ஸ்ட்ரிப்பும் நிறைய புரதம் போனாதான் நிறம் மாறும், பிபியால வர்ற கசிவு பல பேருக்கு கம்மியாத்தான் இருக்கும், ஸ்ட்ரிப் நல்லா இருக்குன்னு சொல்லிடும். காலைல எழுந்ததும் போற முதல் யூரின வீட்லயே சுத்தமான டப்பால புடிச்சு லேப்ல குடுத்து அல்புமின் கிரியேட்டினின் ரேஷியோ பாக்க சொல்லுங்க. 30-க்கு கீழ இருந்தா நல்லது. காய்ச்சலோ யூரின் இன்ஃபெக்ஷனோ இருக்கும்போது வேண்டாம், முந்தின நாள் மூட்டை சுமந்து மேடு ஏறியிருந்தாலும் தற்காலிகமா கூடும், லீவு நாளுக்கு அடுத்த காலைல குடுக்கறது நல்லது. 300-க்கு மேல வந்தாலோ யூரின்ல ரத்தம் இருந்தாலோ பிபி மேல மட்டும் பழிய போடாம கிட்னிலயே வேற நோய் இருக்கான்னு தேடணும், ஏன்னா கிட்னி நோயாலயே பிபி வர்றதும் உண்டு.

கொழுந்து பறிக்கறவங்கன்னு எழுதியிருக்கீங்க, அதனால கேக்கறேன், முட்டி வலி இடுப்பு வலின்னு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென்னு ஏதாவது வாங்கி போடறாங்களா? அது கிட்னிக்கு ரத்தம் போறத குறைக்கும், பிபியயும் ஏத்தும், டெல்மிசார்டனோட சேந்தா இன்னும் மோசம். அட்டைய எடுத்துட்டு போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. டெல்மிசார்டன் டோஸ் கூட்டினா 2-லருந்து 4 வாரத்துல கிரியேட்டினினும் பொட்டாசியமும் பாக்கணும். கிரியேட்டினின் 30 சதவீதத்துக்குள்ள ஏறினா, அதாவது 1.1 வந்து 1.4 வரைக்கும் போனா, ஃபில்டர் மேல பிரஷர் குறைஞ்சதோட அடையாளமா இருக்கலாம், பயந்து நிறுத்திடாதீங்க, அதுக்கு மேல ஏறினா உடனே காட்டுங்க. வாந்தி பேதின்னு படுத்துட்டா அன்னைக்கு மட்டும் மாத்திரை போடலாமான்னு போன் பண்ணி கேட்டுட்டு போடுங்க.

மிஷின்ல 180/120-க்கு மேல காட்டுச்சுன்னா 5 நிமிஷம் உக்காந்துட்டு திரும்ப எடுங்க, அப்பவும் அதே காட்டி கூடவே நெஞ்சு வலி, மூச்சு திணறல், பார்வை மங்கல், பேச்சு குளறல்னு ஏதாவது இருந்தா காலைல ஓபி வரைக்கும் காத்திருக்காம அப்பவே 108-க்கு போன் பண்ணிடுங்க.