சம்பளம் வாங்காதவர் கணக்கிலும் இல்லையா?

கேள்வி: ஹட்டனில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ஹோட்டல் முகாமைத்துவம் படிக்கும் நான், ஒரு ஷிப்டுக்கு ரோஸ்டர் போட்டு ஊழியச் செலவுச் சதவீதத்தைக் கணிக்கும் பயிற்சிக்கு எங்கள் கடையின் ஞாயிறு பகல் ஷிப்டையே எடுத்தேன். பில் மொத்தம், பத்து வீதச் சேவைக் கட்டணத்தோடு, 79,200 ரூபாய். கோக்கிக்கும் கொத்து போடுபவருக்கும் மணித்தியாலத்துக்கு 400 வீதம் ஆறு மணித்தியாலம். மேசைக்கு இருவர், கழுவ ஒருவர், 240 வீதம் பத்தரை முதல் மூன்றரை வரை. கூட்டினால் 8,400 ரூபாய், அதாவது 10.6 சதவீதம். விரிவுரையாளர் பிழை என்று திருப்பித் தந்துவிட்டார். அப்பாவோ, செலவு இவ்வளவு குறைவென்றால் சோற்றுப் பார்சலின் விலையைக் குறைக்கலாம் என்கிறார். தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்த அம்மா காலை ஆறு முதல் மூன்று வரை குசினியில் நிற்கிறார், ஏ.எல். படிக்கும் தங்கை பதினொன்று முதல் நான்கு வரை காசுமேசையில் இருக்கிறாள். இருவருக்கும் சம்பளம் இல்லை என்பதால் அவர்களைச் சேர்க்கவில்லை. எங்கே பிழை?

பதில்: தம்பி, நீங்கள் காரணம் சொல்லிக் கடந்துபோன அந்தக் கடைசி வரியில்தான் பெரிய பிழை இருக்கிறது. அதற்கு முன் விரிவுரையாளர் கண்டிருக்கக்கூடிய இரண்டு சிறிய பிழைகளைத் தீர்த்துவிடுவோம்.

சேவைக் கட்டணம் விற்பனை அல்ல. அது ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் பணம் என்றால், அதை மேலே செலவிலும் சேர்க்காதீர்கள், கீழே விற்பனையிலும் சேர்க்காதீர்கள். 79,200 ரூபாயை 1.1 ஆல் வகுத்தால் 72,000 ரூபாய் வரும். அதுதான் உங்கள் விற்பனை. கடை பெறுமதி சேர் வரிக்குப் பதிவாகியிருந்தால் அந்த வரியையும் இதே போலக் கழித்துவிட வேண்டும். இரண்டாவது, கையில் கொடுக்கும் கூலி மட்டும் ஊழியச் செலவு ஆகாது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கடைதான் கட்ட வேண்டும். 8,400 ரூபாயோடு அந்த 15 வீதமான 1,260 ரூபாயைச் சேர்த்தால் 9,660 ரூபாய். 72,000 ரூபாயில் அது 13.4 சதவீதம். கேள்வித்தாளில் 'சம்பளம் பெறும் ஊழியர்' என்று மட்டும் இருந்தால் இந்த விடையோடு நின்றுவிடலாம். உங்களிடம் கேட்டதோ இந்த ஷிப்டை நடத்துவதற்கு ஆகும் செலவு.

உங்கள் அம்மா கொழுந்து எடுத்த காலத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அவருக்கு அரைப்பேர் போட்டிருக்கலாம், நிறையில் கிலோவைக் குறைத்திருக்கலாம். ஆனாலும் அவர் மலைக்குப் போன நாளில் செக்ரோலில் அவருடைய பெயர் இருந்தது. மகன் போட்ட ரோஸ்டரில் அந்தப் பெயரைக் காணோம். அம்மா செய்வது உதவிதான் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆறு மணிக்கு அடுப்பு மூட்டி, பருப்பும் மூன்று கறியும் சம்பலும் முடித்து, மூன்று மணி வரை கால்மாற்றி நிற்பது முழு வேலை. குடும்பத்துக்காகச் செய்கிறார் என்பதால் அதற்கு விலை இல்லாமல் போகாது. குடும்பம் என்ற சொல்லை வைத்துப் பெண்களின் மணித்தியாலங்களை மறைப்பதை நான் ஒரு நாளும் ஏற்றதில்லை, பிள்ளைகள் செய்யும்போது இன்னும் கூடுதலாகவே கண்டிப்பேன்.

அவருடைய வேலைக்கு எந்த விலை வைப்பது என்பதற்குத் தொழிலில் ஒரு நேரான வழி உண்டு: அவர் நாளைக்கு வராவிட்டால் அந்த இடத்துக்கு யாரைக் கூப்பிடுவீர்கள், அவருக்கு என்ன கொடுப்பீர்கள்? கறி வைக்கத் தெரிந்த ஒருவரை 400 ரூபாய்க்குக் குறைவாக உங்களால் எடுக்க முடியாது. ஒன்பது மணித்தியாலத்துக்கு 3,600 ரூபாய், நிதிகளின் 15 வீதத்தோடு 4,140 ரூபாய். தங்கையின் ஐந்து மணித்தியாலத்துக்கு 240 வீதம் 1,200 ரூபாய், நிதிகளோடு 1,380 ரூபாய். 9,660 ரூபாயோடு இவற்றைக் கூட்டினால் 15,180 ரூபாய், அதாவது 21.1 சதவீதம். அம்மா ஞாயிறு மட்டுமன்றி ஏழு நாளும் இப்படி நிற்பவராக இருந்தால் அது வாரத்துக்கு 63 மணித்தியாலம். கூலிக்கு வைத்த ஒருவருக்குக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வைக்கும் வரம்பு 45 மணித்தியாலம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அதை இந்தக் கணக்கில் நான் ஏற்றவில்லை. ஏற்றினால் தொகை இன்னும் கூடும்.

பெயரை எழுதியதும் ரோஸ்டரிலுள்ள கோணலும் தெரியவரும். பில் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு அரை மணித்தியாலத்திலும் எத்தனை பில் வெட்டப்பட்டது என்று எண்ணுங்கள். பெரும்பாலான பகல் சாப்பாட்டுக் கடைகளைப் போலவே உங்கள் கடையிலும் பன்னிரண்டேகாலிலிருந்து இரண்டு மணி வரைதான் நெருக்கடி இருக்கும். அப்படியானால் மூன்று பேரும் பத்தரைக்கே ஒன்றாக வந்து வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள், அம்மாவோ காலை முழுவதும் தேங்காயைத் தானே திருவுகிறார். அவர்களில் ஒருவரை எட்டு மணிக்கு வரவைத்து, தேங்காயும் மரக்கறியும் அவர் பொறுப்பில் விட்டு, இரண்டு மணிக்கு அனுப்புங்கள். ஒருவர் பதினொன்று முதல் மூன்றரை வரை, மற்றவர் பதினொன்றரை முதல் நான்கு வரை. மொத்தம் அதே பதினைந்து மணித்தியாலம், ஒரு சதமும் கூடாது. நெருக்கடி நேரத்தில் மூவரும் இருப்பார்கள். அம்மா ஏழு மணிக்கு வந்து, ஒரு மணிக்குக் கறிச்சட்டிகளைக் கோக்கியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். அவருடைய நேரம் ஒன்பதிலிருந்து ஆறாகக் குறைய, செலவில் 1,380 ரூபாய் குறையும்: 13,800 ரூபாய், 19.2 சதவீதம். அவரை எழுதாமல் விட்டிருந்தால் இந்த மிச்சம் உங்கள் கண்ணில் பட்டிருக்காது, ஏனென்றால் பூச்சியத்திலிருந்து குறைப்பதற்கு எதுவும் இல்லை.

காசுமேசையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் உட்காருங்கள். சோதனைக்குப் படிக்க வேண்டிய தங்கையை ஐந்து மணித்தியாலம் அங்கே கட்டிவைத்துவிட்டு அண்ணன் சதவீதம் கணிப்பது முறையல்ல. உங்கள் நேரத்தையும் அதே 240 ரூபாயில் எழுதுங்கள்; விடை மாறாது.

அப்பாவின் விலைக் குறைப்புக்கு வருகிறேன். நீங்கள் எடுத்தது சிவனொளிபாதமலை சீசனில் வந்த ஞாயிறா என்று எழுதவில்லை. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை மஸ்கெலியாப் பக்கம் போகும் யாத்திரிகர் கூட்டம் ஹட்டனில் இறங்கிச் சாப்பிடும். அது முடிந்ததும் தெரு அடங்கிவிடும். விற்பனை குறைந்தாலும் ரோஸ்டரின் செலவு தானாகக் குறையாது. மழைக்கால ஞாயிறு ஒன்றில் விற்பனை 40,000 ரூபாயாக இறங்கினால், அதே 13,800 ரூபாய் 34.5 சதவீதமாகிவிடும். 10.6 சதவீதத்தை நம்பி விலையைக் குறைத்தால், குறைத்த ஒவ்வொரு ரூபாயையும் அம்மாவின் சம்பளமில்லாத மணித்தியாலங்களே ஈடுசெய்யும். சீசனில் ஒரு ஞாயிறும் சீசன் இல்லாத ஒரு ஞாயிறும் எடுத்து, அம்மாவின் பெயரை முதல் வரிசையில் எழுதி, எத்தனை மணிக்கு வருகிறார் என்று அவரிடமே கேட்டு, இரண்டு தாள்களையும் அப்பாவிடம் கொடுங்கள். 10.6 என்று எழுதிய தாள் அவர் கையில் இருந்தால், விலைப்பலகையை மாற்றுவதற்குள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.