தரமதிப்பீடு குறைந்தால் நாணயம் ஏன் சரிகிறது?

"ஒரு நாட்டின் கடன் தரமதிப்பீட்டைக் குறைத்தால் அதன் நாணயம் ஏன் விழுகிறது, வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி ஏன் ஏறுகிறது?"

ஒரு படி இறங்குவது எப்போதும் பெரிய விஷயமல்ல. நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பதைக் குறிக்கும் 'முதலீட்டுத் தரம்' என்ற கோட்டுக்குக் கீழே போவதுதான் வலிக்கும். பல ஓய்வூதிய நிதிகளும் குறியீட்டு நிதிகளும் அந்தக் கோட்டுக்குக் கீழுள்ள பத்திரங்களை வைத்திருக்க விதி அனுமதிக்காது. பிடிக்கிறதோ இல்லையோ, விற்றாக வேண்டும். விற்றுக் கிடைத்த உள்நாட்டுப் பணத்தை வெளிநாட்டு நிதிகள் டாலராக மாற்றி எடுத்துச் செல்லும். அங்கேதான் நாணயம் சரிகிறது.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 2020 மார்ச் இறுதியில் மூடிஸ் என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் அதன் கடைசி முதலீட்டுத் தர மதிப்பீட்டையும் பறித்தது. குறியீட்டு நிதிகள் பின்பற்றும் எஃப்டிஎஸ்இ உலக அரசுப் பத்திரக் குறியீட்டிலிருந்து அந்நாடு வெளியேறுவதும் அதனால் உறுதியானது. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு டாலர் 19 ராண்டைத் தாண்டியது. ஆனால் கொரோனா பீதியும் அப்போதே இருந்ததால், முழுப் பழியையும் மதிப்பீட்டின் மேல் போட முடியாது. சந்தை முன்கூட்டியே கணித்து விற்றுவிடுவதும் உண்டு. அப்படியானால் அறிவிப்பு நாளில் பெரிதாக எதுவும் நடக்காது.

சரி, வட்டி? பழைய நிலைவட்டிப் பத்திரங்களுக்கு மாறாது. கடன் திரும்பாத அபாயம் கூடியதாகக் கருதுவோர் அதிக வட்டி கேட்பதால், புதுக் கடனுக்குத்தான் ஏறும். உதாரணமாக 100 கோடி டாலர் கடனுக்கு வட்டி 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆனால், ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் கூடுதல். அப்புறம் நாணயம் 10 சதவீதம் மதிப்பிழந்தால், பழைய டாலர் கடனும் உள்நாட்டுப் பணத்தில் சுமார் 11 சதவீதம் கனமாகும். வரி வருவாய் உள்நாட்டுப் பணத்தில்தானே வருகிறது! இந்தச் சுமையே அடுத்த தரக்குறைப்புக்குக் காரணமாகலாம்.